பம்ப் தேய்மானம்: கோடா, கிழிசலா, குழியா என்று பார்த்துச் சரிசெய்வது

"அண்ணே, போன மாசம்தான் ஸ்லீவ் மாத்துனோம், மறுபடியும் ஒழுவுது."

காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் என் லேத் பட்டறைக்கு வரும் பம்புகள் அநேகமாக இந்த வார்த்தையோடுதான் வந்து இறங்கும். ஐஸ் பிளாண்டுக்குக் கரையோரக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும் பம்ப், அஸ்திவாரக் குழியை இறைக்கும் பம்ப், மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் என வேலை மாறினாலும் மணலும் உப்பும் மாறுவதில்லை.

கேட்டபடி தண்டின்மேல் மாட்டும் ஸ்லீவைப் புதிதாகக் கடைந்து கொடுத்து அனுப்பிவிடலாம். பழையது எந்த விதமாகத் தேய்ந்தது என்று பார்க்காமல் கொடுத்தால், அதே ஆள் அதே பம்போடு ஆறு வாரத்தில் திரும்பி வருவார். மணல் கீறித் தேய்வது ஒன்று. உலோகத்தோடு உலோகம் ஒட்டிக் கிழிவது இன்னொன்று. மணல் கலந்த தண்ணீர் வேகமாக மோதி அரிப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பம்புக்குள் நடக்கும், ஆனால் ஒன்றுக்குப் போடும் பூச்சு இன்னொன்றுக்குச் சேராது. அதனால் கண்ணில் படும் அடையாளத்தை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் பம்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

## கழற்றுவதற்கு முன்

மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றுகிறதா, எங்காவது பிடிக்கிறதா என்பது பிறகு உதவும். பம்ப் ஓடியபோது எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பம்ப் இன்னும் ஓடுகிறது என்றால் அணைக்கும் முன்பே டெலிவரித் தண்ணீரை 1 லிட்டர் பாட்டிலில் பிடித்து 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் படிந்ததைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மரக்கட்டையால் அழுத்தித் தேயுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது மணல். வெறும் களிமண் கீறாது. எண்ணூர்ப் பக்கத்துத் தண்ணீரில் சில இடங்களில் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற படிவு இருக்கும், அதில் ஒரு பங்கு மேலே மிதக்கவும் செய்யும். அது நிலக்கரிச் சாம்பல். மணலை விடப் பொடியானது என்பதால் பேக்கிங்குக்குள் சுலபமாகப் புகுந்துவிடும்.

கழற்றிய பாகத்தைத் துடைக்காதீர்கள், எமரித் தாள் போடாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கான தடயம் முழுவதும் அந்த அழுக்கிலும் கோட்டிலும்தான் இருக்கிறது. பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

## அடையாளம் 1: கிளாண்ட் ஒழுகுகிறது, ஸ்லீவில் வட்டக் கோடுகள்

ஸ்லீவைச் சுற்றி, பேக்கிங் உட்காரும் இடத்தில் மட்டும், இசைத்தட்டுக் கோடுகள் போல ஒன்றன்பக்கம் ஒன்றாகக் கோடுகள் இருக்கும். நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோடும் தட்டுப்படும். கோட்டுக்குள் உலோகம் சுத்தமாகப் பளிச்சிடும். இது மணல் கீறிய தேய்மானம், சிராய்ப்பு.

பேக்கிங் மெத்தென்று இருக்கிறது, ஸ்லீவ் ஸ்டெயின்லெஸ், அப்புறம் எப்படி ஸ்லீவ் தேய்கிறது என்று பலரும் கேட்பார்கள். மணல் போய்ப் பதிவது மெத்தென்ற பக்கத்தில்தான். பதிந்த பிறகு பேக்கிங் சாணைக்கல் ஆகிவிடுகிறது. தண்டு நிமிடத்துக்கு 1450 முறை அதன்மேல் உரசுகிறது.

### எளிய காரணம்: கிளாண்டை இறுக்கிவிட்டார்கள்

ஒழுகுகிறது என்று ஸ்பேனரை எடுத்து, பேக்கிங்கை அழுத்தும் கிளாண்ட் நட்டை முழுச் சுற்று இறுக்குவது நம் பக்கத்துப் பழக்கம். பேக்கிங் போட்ட பம்ப் சொட்டத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழுந்தால் சரி. அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. சொட்டு நின்ற கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருக்கும். நட்டை ஆறில் ஒரு பங்கு சுற்றுதான் திருப்ப வேண்டும், இரு பக்கமும் சமமாக. பிறகு 10, 15 நிமிடம் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்தது.

பேக்கிங் கறுத்து, கட்டை போலாகி, கத்தியால் வெட்டினால் நறநறவென்று மணல் தட்டினால் அதை முழுவதும் மாற்றுங்கள். பழையதன் மேலேயே இரண்டு வளையம் புதிதாகத் திணிப்பதில் பயனில்லை. சாணைக்கல் உள்ளேயே இருக்கிறது.

### அடுத்தது: தண்டு ஆடுகிறது

டயல் கேஜை ஸ்லீவின்மேல் வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் முள் ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது. இந்த நிலையில் எந்தப் பூச்சும் நிற்காது. முதலில் பேரிங். பேரிங் மாற்றியும் ஆட்டம் குறையவில்லை என்றால் தண்டை நிமிர்த்துவது பழகிய கையின் வேலை, பட்டறைக்கு அனுப்புங்கள்.

### அடுத்தது: மணல் உள்ளே வராமல் தடுப்பது

பூச்சுக்குச் செலவு செய்வதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லி நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன். பேக்கிங் வளையங்களுக்கு நடுவே துளை போட்ட ஒரு வளையம் இருக்கும், லேன்டர்ன் ரிங். அதற்கு நேராகக் கேசிங்கில் ஒரு துளையும் இருக்கும். பல பம்புகளில் அதைப் பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். இன்னும் சிலவற்றில் பம்பின் டெலிவரியிலிருந்தே ஒரு சிறு குழாயை அதற்கு இணைத்திருப்பார்கள். அப்படியென்றால் மணல் தண்ணீரை நாமே கூப்பிட்டுக் கிளாண்டுக்குள் விடுகிறோம்.

அந்தத் துளைக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தத்தை விட 0.7 முதல் 1 பார் அதிகமாக இருந்தால் போதும். சுத்தத் தண்ணீர் அங்கிருந்து பம்புக்குள் தள்ளிக்கொண்டே இருப்பதால் மணல் பேக்கிங் பக்கம் திரும்பாது.

### செலவானது: ஸ்லீவுக்குக் கடினமான மேற்பரப்பு

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் கடினம் விக்கர்ஸ் அளவில் 1000க்கு மேல். சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் 200க்குள்தான். கெட்டிப்படுத்திய 410 ஸ்டெயின்லெஸ் போட்டால் 400 வரும். இருமடங்கு ஆயிற்றே, ஆயுளும் பல மடங்கு ஆகும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. மணலை விட மென்மையாக இருக்கிறவரை மணல் கீறிக்கொண்டேதான் இருக்கும், கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். மேற்பரப்பின் கடினம் மணலின் கடினத்தை நெருங்கும்போதுதான் தேய்மானம் சட்டென்று விழும்.

அந்த உயரத்துக்குப் போகும் பூச்சுகள் சிலவே. ஹார்டு குரோம் 850 முதல் 1000 வரை வரும். டங்ஸ்டன் கார்பைடை அதிவேகச் சுடரில் தெளிக்கும் முறையில் 1100 பக்கம் வரும், இதைத்தான் ஹெச்விஓஎஃப் என்கிறார்கள். குரோமியம் ஆக்சைடு பீங்கான் பூச்சு அதற்கும் மேலே போகும், ஆனால் தட்டினால் சில்லு பெயரும். நிக்கல், குரோமியம், போரான் கலந்த பொடியைத் தெளித்து உருக்குவது பட்டறைகளில் 'கோல்மனாய்' என்ற பெயரில் பழக்கம். கடினம் ராக்வெல் சி அளவில் 55 முதல் 60 வரை கிடைக்கும், அடி உலோகத்தோடு உருகிப் பிணைந்திருப்பதால் சீக்கிரம் உரியாது. மணல் குறைவான இடத்துக்கு நான் இதையே சொல்வேன்.

உங்கள் ஸ்லீவ் எது என்று தெரியவில்லையா? காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் 304 அல்லது 316, ஒட்டினால் 410 வகை அல்லது சாதா இரும்பு. அப்புறம் நல்ல புது அரத்தால் ஓரத்தில், பேக்கிங் படாத இடத்தில், ஒரு இழுப்பு. அரம் கடித்தால் மென்மை. வழுக்கிக்கொண்டு போனால் மேலே கடினமான பூச்சு இருக்கிறது.

### ஒரு பம்ப் கடந்து வந்த வழி

காசிமேட்டுப் பக்கத்து ஐஸ் பிளாண்ட் ஒன்றின் கண்டன்சர் பம்ப் இது. 55 மி.மீ. ஸ்லீவ், 304. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும். கோட்டின் அடியில் அளந்தால் 53.3, அதாவது பக்கத்துக்கு 0.85 மி.மீ. போயிருந்தது. வெளியே யாரோ சொல்லிக் கெட்டிப்படுத்திய 410 போட்டார்கள். ஒன்பது வாரம் ஓடியது. கோட்டோடு உப்புத் தண்ணீரின் துருக்குழியும் சேர்ந்து வந்தது. பிறகு சாதா இரும்பில் ஹார்டு குரோம் போட்ட ஸ்லீவ் வாங்கினார்கள். மூன்று மாதத்தில் குரோம் தகடு தகடாகப் பெயர்ந்து, அதுவே பேக்கிங்கைக் கிழித்தது. ஹார்டு குரோமில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் இயல்பாகவே இருக்கும். உப்புத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி அடி இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும். மேலே இருக்கும் குரோமுக்கு ஒன்றும் ஆகாது, நிற்க இடம்தான் இருக்காது.

நான் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் மாற்றினேன். லேன்டர்ன் துளையில் கேஜ் வைத்துப் பார்த்தபோது 0.3 பார் காட்டியது. ஐஸ் கேன் நிரப்பும் நல்ல தண்ணீர்த் தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருந்தது, அதிலிருந்து இறக்கினால் 1.2 பார் கிடைக்கும். மோட்டார் எதுவும் வேண்டாம், ஒரு வால்வும் அரை அங்குலக் குழாயும் போதும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் செலவு. பிறகு 316 ஸ்லீவில் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு, அரைத்து முடித்த கனம் 0.2 மி.மீ. இதில் ஒரு விஷயம் முக்கியம். பொடியில் கோபால்ட் மட்டும் இருக்கக்கூடாது, கோபால்ட்டோடு குரோமியமும் சேர்ந்த வகை வேண்டும். வெறும் கோபால்ட்டை உப்புத் தண்ணீர் கரைத்து எடுத்துவிடும், கார்பைடு மணிகள் உதிர்ந்துவிடும்.

எட்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தோம். 55.00 இருந்தது 54.96. கோடு இல்லை, மினுக்கம் மட்டும்.

தெளிப்பு வேலை, அதற்குமுன் கிரிட் பிளாஸ்டிங், அதற்குப்பின் வைரச் சக்கரத்தில் அரைப்பது எல்லாம் அதற்கென்றே இருக்கும் பட்டறையில்தான் நடக்க வேண்டும். நம் லேத்தில் அந்தப் பூச்சை எந்த டூலும் தொட முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது ஸ்லீவைக் குறைத்துக் கடைந்து கொடுப்பது மட்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக விடுங்கள். பூச்சு முதலில் உரிவது கூர்மையான ஓரத்தில்தான்.

## அடையாளம் 2: தண்டு பிடிக்கிறது, ரிங்கில் உலோகம் கிழிந்து அப்பியிருக்கிறது

கீச்சென்று சத்தம் போட்டுவிட்டு மோட்டார் டிரிப் ஆகும். கையால் சுற்றினால் ஒரே இடத்தில் பிடிக்கும், அல்லது அசையவே அசையாது. திறந்தால் இம்பெல்லர் கழுத்திலும் கேசிங் ரிங்கிலும் உலோகம் இழுபட்டு, மடிந்து, கட்டி கட்டியாக ஒன்றின்மேல் ஒன்று அப்பியிருக்கும். சிராய்ப்புக் கோட்டில் உலோகம் போய்விட்டிருக்கும். இங்கே ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் ஒட்டுத் தேய்மானம் என்பது.

மணலைத் தேடாதீர்கள். இரண்டு உலோகம் நடுவே தண்ணீர்ப் படலம் இல்லாமல் அழுத்தி உரசியிருக்கிறது. ஏன் உரசியது என்று தேட வேண்டும்.

### எளிய காரணம்: காய்ந்து ஓடியது

பிரைமிங் இல்லாமல் போட்டது, ஃபுட் வால்வு பிடிக்காமல் தண்ணீர் இறங்கிப்போனது. கிணற்று மட்டம் இறங்கும் சித்திரை வைகாசியில் இது அதிகம். ஓட்டிய ஆளைத் திட்டாமல் கேட்டால் உண்மை வரும்.

### அடுத்தது: குழாய் பம்பை இழுக்கிறது

டெலிவரி ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். கடைசி போல்ட் விடும்போது ஃபிளேஞ்ச் குதித்து விலகினால், அத்தனை நாளும் அந்த இழுப்பைக் கேசிங்தான் தாங்கியிருக்கிறது. உள்ளே ரிங் ஒரு பக்கமாக இம்பெல்லரை உரசியிருக்கும். குழாய்க்குத் தாங்கி கொடுங்கள். கப்ளிங் நேராக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

### அடுத்தது: இடைவெளி குறைவு

இம்பெல்லர் கழுத்தின் வெளிவிட்டத்தையும் ரிங்கின் உள்விட்டத்தையும் அளந்து கழியுங்கள். 100 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. வேண்டும். இரண்டும் ஸ்டெயின்லெஸ் என்றால் அதற்குமேல் இன்னும் 0.125 மி.மீ. சேர்க்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலைப் பம்புகளுக்கான ஏபிஐ 610 தரத்தில் இருக்கும் கணக்கு இது, நம் சின்னப் பம்புக்கும் நல்ல வழிகாட்டி. இடைவெளி இதன் இருமடங்காகிவிட்டால் ரிங்கை மாற்றும் நேரம்.

### செலவானது: ஜோடியை மாற்றுவது

மேலே சொன்ன ஐஸ் பிளாண்ட் பம்பிலேயே இது நடந்தது. ஸ்லீவ் நன்றாக ஓடுகிறது என்ற சந்தோஷத்தில், பழைய பித்தளை நிற ரிங் எதற்கு, அதுவும் ஸ்டெயின்லெஸாகவே இருக்கட்டும் என்று மேஸ்திரி 304 ரிங் போட்டுவிட்டார். இம்பெல்லரும் 304. இடைவெளி 0.3 மி.மீ. நான்காம் நாள் இறுகி நின்றுவிட்டது. மேஸ்திரி நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒரே ஸ்டெயின்லெஸ் ஒன்றோடொன்று உரசினால், அதன் மெல்லிய ஆக்சைடு தோல் கிழிந்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். துருப்பிடிக்காத குணம் அந்தத் தோலால் வருவது, அது போனால் அடியில் இருப்பது பச்சை உலோகம்.

மீண்டும் வெண்கல ரிங் போட்டோம், இடைவெளி 0.45. இன்று வரை ஓடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் குறைந்தது 50 பிரினெல் கடின வித்தியாசம் இருக்க வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. இரண்டும் 400க்கு மேல் கடினமாக இருந்தால் இந்த நிபந்தனை வேண்டாம்.

பூச்சால் சரிசெய்வதென்றால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ஹார்டு குரோம் மீது ஹார்டு குரோம் ஓடவிட்டால் அதுவும் பிடித்துக்கொள்ளும். நைட்ரைடிங் ஒட்டுதலுக்கு நல்ல மருந்து, மேற்பரப்பு 900 விக்கர்ஸுக்கு மேல் போகும். ஆனால் சாதாரணச் சூட்டில் ஸ்டெயின்லெஸை நைட்ரைடு செய்தால் அதிலுள்ள குரோமியத்தை நைட்ரஜன் கட்டிப்போட்டுவிடும், பிறகு கடல் தண்ணீரில் அது இரும்பைப் போலத் துருப்பிடிக்கும். 450 டிகிரிக்குக் கீழே செய்யும் முறை இருக்கிறது, விலை அதிகம். உப்பில்லாத தண்ணீர், எண்ணெய்ப் பெட்டி, கியர் தண்டு போன்ற இடங்களுக்கு எஃகில் நைட்ரைடிங் தாராளமாகப் போடலாம். பாஸ்பேட் பூச்சு எஃகு, வார்ப்பிரும்பு பாகங்களை முதல் சில மணி நேர ஓட்டத்தில் ஒட்டாமல் காக்கும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

### நட்டும் போல்ட்டும்

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் பாதி வழியில் இறுகி நிற்பதும் இதே நோய்தான். இம்பாக்ட் கன் போட்டு வேகமாக ஏற்றினால் வரும். மரையைத் துடைத்து மாலிப்டினம் பேஸ்ட் தடவிக் கையால் மெதுவாக ஏற்றுங்கள். இறுகத் தொடங்கியதும் நிறுத்தித் திருப்பி எடுங்கள். அதன்பிறகும் வராவிட்டால் வெட்டி எடுப்பதுதான், பலம் போட்டால் ஸ்டட் முறிந்து கேசிங்குக்குள் தங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஐஸ் பிளாண்டில் இந்தத் தைரியத்தை அம்மோனியா கம்ப்ரசர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தண்டு பிடிக்கிறது, சீல் ஒழுகுகிறது என்றால் வால்வை மூடிவிட்டு, அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

## அடையாளம் 3: தண்ணீர் குறைந்துவிட்டது, இம்பெல்லர் கத்தி போல மெலிந்துவிட்டது

டெலிவரி குறையும், ஆம்பியரும் குறையும். சத்தம் பெரிதாக மாறாது. திறந்தால் இம்பெல்லர் இலைகளின் நுனி மெலிந்து கூராகியிருக்கும், கேசிங்கில் தண்ணீர் பிரியும் நாக்கு கரைந்திருக்கும். மேற்பரப்பில் ஓட்டத்தின் திசையில் அலை அலையாக, கடற்கரை ஈரமணலில் அலை விட்டுப்போகும் வரிகள் போல மழமழப்பான குழிகள். முழங்கை வளைவின் வெளிப்பக்கச் சுவர் ஓட்டையாகியிருக்கலாம். இது மோதி அரிக்கும் தேய்மானம்.

### முதலில் பிரித்துப் பாருங்கள்: அரிப்பா, குமிழா?

குழிகள் மழமழப்பாக இல்லாமல் பஞ்சு போலக் கொறித்திருக்கிறதா? இலையின் பின்புறம், தண்ணீர் நுழையும் ஓரத்தில் மட்டும் இருக்கிறதா? ஓடும்போது உள்ளே ஜல்லி உருள்வது போலச் சத்தம் வந்ததா? அப்படியென்றால் அது மணல் இல்லை. சக்ஷன் போதாமல் குமிழிகள் உண்டாகி உடைந்த சேதம். சக்ஷன் வடிகட்டி அடைப்பு, நீளமான மெல்லிய ஹோஸ், பாதி மூடிய வால்வு என அந்தப் பக்கம் தேடுங்கள். பூச்சுக்குப் பணம் போட வேண்டாம்.

### எளிய காரணம்: ஃபுட் வால்வு அடியில் கிடக்கிறது

குழியின் அடிமணலிலேயே வால்வு புதைந்திருக்கும். அடியிலிருந்து ஒரு அடி உயர்த்திக் கட்டுங்கள். அஸ்திவாரக் குழியென்றால் துளை போட்ட டிரம்மைக் குழிக்குள் இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, அதற்குள் வால்வை விடுங்கள். பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், படிவு எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் தெரியும்.

### அடுத்தது: வேகம்

அரிப்பு வேகத்தின் இரண்டாம் அடுக்கு முதல் மூன்றாம் அடுக்கு வரையான கணக்கில் ஏறும். மணலிப் பக்கம் ஒரு குழி இறைக்கும் பம்ப், பெல்ட்டில் 1450 சுற்று ஓடியது. அங்கே தேவைப்பட்ட உயரம் பம்பு தரும் உயரத்தில் பாதிதான். மோட்டார் புல்லியை மாற்றி 1160க்கு இறக்கினோம், அதாவது 80 சதவீதம். கணக்குப்படி தள்ளும் உயரம் 64 சதவீதம் ஆகும், அது அந்தக் குழிக்குத் தாராளம். அரிப்பு பாதிக்கோ மூன்றில் இரண்டு பங்குக்கோ இறங்கும். செலவு ஒரு புல்லி. இதைச் செய்ய முடிகிற இடத்தில் செய்யாமல் பூச்சு தேடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

### செலவானது: மோதும் கோணம் பார்த்துப் பூச்சு

மணல் மேற்பரப்பை உரசிக்கொண்டு சாய்வாக வருகிறதா, நேராக வந்து முட்டுகிறதா என்று பாருங்கள். சாய்வாக வந்தால், 20, 30 டிகிரியில், சாதா உலோகம் அதிகமாகச் செதுக்கப்படும். அங்கே கடினமான மேற்பரப்பு நன்றாக உழைக்கும். நேராக முட்டும் இடத்தில் கடினமான பூச்சு சில்லு சில்லாக உடையும், அங்கே ரப்பர் வெல்லும். பொடி மணலை ரப்பர் துள்ளவிட்டு அனுப்பிவிடும். கூரான கல், டீசல், சூடு இவை ரப்பருக்கு ஆகாது, துறைமுகப் பக்கத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் அதைக் கணக்கில் வையுங்கள்.

முதல் அடையாளத்தில் சொன்ன ஹார்டு குரோம் இங்கேயும் வேண்டாம். அது மிக மெல்லியது, ஒரு மூலையில் துளைத்துவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து மற்றதைத் தூக்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு தெளிப்பும் துப்பாக்கியின் நேர்ப்பார்வைக்குப் படும் இடத்தில்தான் விழும். இலைகள் திறந்திருக்கும் இம்பெல்லர் என்றால் ஓரளவு செய்யலாம். இருபுறமும் மூடிய இம்பெல்லரின் உள்பக்கத்துக்குப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

கேசிங்குக்கு எங்களிடம் அதிகம் ஓடுவது பீங்கான் மணி கலந்த எபாக்ஸி, 3 முதல் 6 மி.மீ. கனம். அதன் ஆயுள் முழுவதும் அடியைத் தயார்செய்வதில் இருக்கிறது. நம் கடற்கரையில் வார்ப்பிரும்பின் நுண்துளைக்குள் உப்பு ஊறியிருக்கும். மணல் ஊதிச் சுத்தம் செய்த கேசிங்கை நல்ல தண்ணீரில் கழுவி, சூடுகாட்டி, ஓரிரவு வையுங்கள். காலையில் கறுப்புப் புள்ளிகள் வியர்த்திருந்தால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது. மீண்டும் கழுவி மீண்டும் ஊத வேண்டும். இரண்டு மூன்று முறைகூட ஆகும். இந்த நாளை மிச்சம் பிடித்தால் எபாக்ஸி தோசை போலக் கழன்று வரும்.

மணல் மிக அதிகம், நாள் முழுக்க ஓட்டம் என்றால் பூச்சை விட்டுவிட்டு, 27 சதவீத குரோமியம் கொண்ட வெள்ளை வார்ப்பிரும்பு இம்பெல்லருக்குப் போவது மலிவு. பூச்சு தீர்ந்தால் தீர்ந்தது, இதில் முழுக் கனமும் கடினம். கீழே போட்டால் உடையும், சாதா டூலில் கடைய முடியாது.

### எப்போது வெளியே அனுப்புவது

கேசிங் சுவர் பழைய கனத்தில் பாதிக்குக் கீழே போயிருந்தால் எபாக்ஸி பூசி ஓட்டாதீர்கள், அழுத்தத்தில் வெடிக்கும். இம்பெல்லரில் வெல்டிங்கோ பூச்சோ எது செய்தாலும் பேலன்சிங் செய்யும் இடத்துக்கு ஒருமுறை போய் வர வேண்டும். அதைத் தவிர்த்தவர்கள் இரண்டு மாதத்தில் பேரிங்கோடு வந்திருக்கிறார்கள்.

## அடையாளம் 4: போட்ட பூச்சே பெயர்கிறது

ஓரத்திலிருந்து உரிந்தால், ஓரம் கூர்மையாக விடப்பட்டிருக்கிறது. நடுவில் கொப்புளம் போல எழும்பி, அடியில் பழுப்புத் துரு இருந்தால், உப்புத் தண்ணீர் பூச்சைத் தாண்டிவிட்டது. துருவே இல்லாமல் முழுத் தகடாகக் கழன்று, அடியில் உலோகம் மழமழவென்று இருந்தால், கிரிட் பிளாஸ்டிங் சரியாக நடக்கவில்லை. முதலாவது நாம் கடைந்து கொடுத்ததன் தவறு. மூன்றாவது பூச்சுப் பட்டறையின் பொறுப்பு, பெயர்ந்த தகட்டை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டிப் பேசலாம்.

இரண்டாவதற்கு, ஹார்டு குரோம்தான் வேண்டும் என்றால் அடியில் நிக்கல் படலம் போட்டு அதன்மேல் குரோம் கேளுங்கள். தெளிப்புப் பூச்சு என்றால் அரைப்பதற்கு முன் நுண்துளை அடைக்கும் சீலர் தடவச் சொல்லுங்கள். வேலைச் சீட்டில் மூன்றை எழுதி வாங்குங்கள்: எந்தப் பொடி, அரைத்த பின் கனம் எத்தனை மைக்ரான், சீலர் போட்டார்களா. அந்தச் சீட்டை பம்ப் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டி, திறக்கும்போதெல்லாம் வெர்னியர் அளவைத் தேதியோடு அதன் பின்புறம் எழுதி வாருங்கள். அடுத்தமுறை என் பட்டறைக்கு வரும்போது பம்போடு அந்தச் சீட்டையும் கொண்டுவாருங்கள்.